பெரிய துளை இருந்தால் மட்டும் பவர் பாயிண்ட் ஆகாது: கோத்தகிரி வீடொன்றில் ரூம் ஹீட்டருக்கு லைன் மாற்றிய வேலைப் பதிவு

கோத்தகிரி பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. டிசம்பர் குளிருக்கு 2000 வாட் ரூம் ஹீட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஹீட்டரில் வந்தது பெரிய பின் பிளக். படுக்கையறை போர்டில் இருந்ததோ சின்ன சாக்கெட். இடையில் ஒரு கன்வெர்ட்டர் பிளக்கைச் செருகி ஓட்டியிருக்கிறார்கள். சில வாரங்களில் கருகல் வாடை வந்தது, ஹீட்டர் விட்டு விட்டு எரிந்தது, அதை ஆன் செய்யும்போதெல்லாம் அறை விளக்கு ஒரு கணம் மங்கியது.

மலைப்பகுதி வீடுகளில் இது மிகச் சாதாரணமாகப் பார்க்கும் கோளாறு. சமவெளியில் பெரிய பின் தேவைப்படும் சாமான் பெரும்பாலும் ஏசி. அதை மாட்ட வருபவரே தனி லைன் கேட்டு வாங்கிவிடுவார். இங்கே ஏசி கிடையாது. அதற்குப் பதிலாக ஹீட்டர், கெட்டில், வெந்நீர் ராட், இண்டக்‌ஷன் அடுப்பு என்று கையில் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகும் சாமான்கள். எந்த பாயிண்ட் பக்கத்தில் இருக்கிறதோ அதில் செருகிவிடுகிறோம். அதனால்தான் பின்னின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்ன பின், பெரிய பின்: என்ன வித்தியாசம்

கடையில் இன்னும் "அஞ்சு ஆம்ப்ஸ்", "பதினஞ்சு ஆம்ப்ஸ்" என்றுதான் கேட்கிறோம். இப்போது வரும் சாமானில் 6A, 16A என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். பழைய 5 ஆம்ப்ஸ் பிளக் இன்றைய 6 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் சரியாகப் போகும். நம் ஊரில் இவற்றுக்கான தரநிலை IS 1293.

சின்ன பிளக்கில் பேஸ், நியூட்ரல் பின்கள் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன். இரண்டுக்கும் நடுவே, மையத்துக்கு மையம், 19 மில்லிமீட்டர். எர்த் பின் சுமார் 7 மில்லிமீட்டர். பெரிய பிளக்கில் பேஸ், நியூட்ரல் பின்களே சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன், இடைவெளி 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எர்த் பின் சுமார் 8.7 மில்லிமீட்டர். அதாவது சின்ன பிளக்கின் எர்த் பின்னும் பெரிய பிளக்கின் பேஸ் பின்னும் ஒரே தடிமன். தனியாகக் கழன்று கிடக்கும் பின்னை வைத்து எந்த பிளக் என்று முடிவு செய்யப் போனால் இந்த இடத்தில் ஏமாந்துவிடுவோம். இரண்டு பின்னுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதுதான் சரி.

எர்த் பின் எப்போதும் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், கழற்றும்போது கடைசியாக விட வேண்டும். தடிமனாக இருப்பதால் அது தவறிப்போய் பேஸ் துளைக்குள் நுழையாது. எர்த் பின்னை வெட்டி எறிந்துவிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இரண்டு பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

பேஸ், நியூட்ரல் பின்களைத் தடிமனாக்கியது எதற்கு? வெறும் பித்தளையைக் கணக்கிட்டால் 5 மில்லிமீட்டர் பின்னே 16 ஆம்பியரைத் தாங்கிவிடும். சிக்கல் பின்னில் இல்லை, பின்னும் சாக்கெட்டுக்குள் உள்ள பித்தளைக் கவ்வியும் தொடும் இடத்தில் இருக்கிறது. பெரிய சாக்கெட்டின் கவ்வி அகலமானது, தகடு தடிமனானது, அழுத்தம் அதிகம், ஒயர் மாட்டும் ஸ்க்ரூவும் பெரியது. அந்தக் கவ்விக்குத் தகுந்த அளவில்தான் பின்னும் இருக்கிறது. 16 என்ற எண் இந்த முழு அமைப்புக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வட்டப் பின் வகை நமக்கு பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1947-ல் வந்த புதிய தரநிலையில் சதுரப் பின்னுக்கு மாறி, பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வைத்துவிட்டார்கள். நம்முடைய பிளக்கில் ஃபியூஸ் இல்லை. சுவரிலிருந்து வெளியே வரும் எந்த ஒயருக்கும் ஒரே காவல், மின்னோட்டம் அளவைத் தாண்டினால் தானாக விழுந்து லைனை வெட்டும் எம்.சி.பி.தான், அது மீட்டர் பக்கம் இருக்கும். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதில்தான் இந்த வீட்டின் கதையே இருக்கிறது.

போர்டைத் திறந்தபோது கண்டது

மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரை வேறொரு உயிருள்ள பாயிண்டில் சரிபார்த்துவிட்டு, படுக்கையறை போர்டைத் திறந்தோம். முதலில் கன்வெர்ட்டர் பிளக். அதன் முதுகில் 6A என்று அச்சு இருந்தது. பெரிய துளை வைத்த சாமானாக இருந்தாலும், அதைச் செய்தவரே அதற்குக் கொடுத்த அளவு 6 ஆம்பியர்தான். பேஸ் பின் மஞ்சளாகப் பளபளத்தது. நியூட்ரல் பின் அடிப்பக்கம் நீலமும் கறுப்புமாக நிறம் மாறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகி உப்பியிருந்தது.

இரண்டு பின்னிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒன்று மட்டும் கருகினால் ஓட்டம் அதிகம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது, அந்தப் பக்கத்துக் கவ்வி லூசாக இருக்கிறது என்றும் அர்த்தம். சாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. நியூட்ரல் கவ்வி வாய் விரிந்து, ஸ்பிரிங் செத்து, தகட்டில் பச்சைப் பூப்பு படிந்திருந்தது. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிச் சுவர்கள் ஈரம் குடிக்கும். பித்தளையில் அந்தப் பச்சை பிடிப்பது இங்கே அதிசயமில்லை. பூப்பு படிந்த தகடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அந்த இடம் சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்காத சுழற்சி இது.

சூடு எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்கு. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் ஓடினால் அங்கே 3.6 வாட் சூடு உண்டாகும். 8.7 ஆம்பியர் ஓடினால் 7.6 வாட். மின்னோட்டம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, சூடு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். பட்டாணி அளவு இடத்தில் ஏழரை வாட் சூடு இரவு முழுக்க நின்றால் பிளாஸ்டிக் உருகும்.

அடுத்து சுவிட்ச். அதுவும் 6 ஆம்பியர் சுவிட்ச்தான். உள்ளே முனை அரித்து, குழி விழுந்திருந்தது. ஓடும் ஹீட்டரை சுவிட்சில் ஆஃப் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த முனையில் தீப்பொறி பறந்திருக்கிறது. ஒயர் 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு. விளக்கு, ஃபேன் எல்லாம் அதே லைனில். எம்.சி.பி. 10 ஆம்பியர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எம்.சி.பி. ஒரு முறைகூட விழவில்லை. விழவும் விழாது. 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 8.7 ஆம்பியர் என்பது சாதாரண நாள். அங்கே 6 ஆம்பியர் எம்.சி.பி. இருந்திருந்தாலும் உடனே விழுந்திருக்காது. வீட்டு எம்.சி.பி.யின் தரநிலைப்படி, குறித்த அளவைப்போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 6-ஐ 1.45-ஆல் பெருக்கினால் 8.7 வருகிறது. அரை மணி நேரம் ஹீட்டர் போட்டு அணைப்பவருக்கு அந்த எம்.சி.பி. விழாமலே காலம் ஓடிவிடும். அதைவிட முக்கியம், லூசான கவ்வியில் உண்டாகும் சூடு எந்த எம்.சி.பி.க்கும் தெரியாது. மின்னோட்டம் கூடினால்தான் அதற்குத் தெரியும். கவ்வி லூசானால் மின்னோட்டம் கொஞ்சம் குறையவே செய்யும்.

முதலில் தோன்றும் வைத்தியம், அது ஏன் தவறு

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது, கடைக்குப் போய் "அண்ணே, பதினஞ்சு ஆம்ப்ஸ் சாக்கெட் ஒண்ணு குடுங்க" என்று வாங்கிவந்து, சின்ன சாக்கெட் இருந்த இடத்தில் பெரியதை மாட்டிவிடுவது. கன்வெர்ட்டர் தேவையில்லை, பிளக் இறுக்கமாக உட்காரும், வாடையும் நின்றுவிடும். பார்ப்பதற்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

உண்மையில் ஆபத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது பலவீனமான இடம் பின்னால் இருக்கும் 6 ஆம்பியர் சுவிட்ச், அதையும் தாண்டி ஜங்ஷன் பெட்டிக்குள் முறுக்கி டேப் சுற்றிய பழைய இணைப்புகள். அவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பல பழைய வீடுகளில் மரச் சீலிங்குக்கு மேலே இருக்கின்றன. 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர் 8.7 ஆம்பியரை எப்படியோ தாங்கிவிடும் என்பதால் உடனே எதுவும் நடக்காது. ஆனால் பெரிய துளை என்பது வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் ஓர் அழைப்பு. அங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு 1500 வாட் கெட்டிலையும் சேர்த்துச் செருகுவார்கள். மொத்தம் 15 ஆம்பியரைத் தாண்டும். 10 ஆம்பியர் எம்.சி.பி. இப்போது விழும். அடிக்கடி விழுகிறதே என்று யாராவது அதைக் கழற்றிவிட்டு 16-ஓ 20-ஓ மாட்டுவார்கள். அந்த நிமிஷத்திலிருந்து சுவருக்குள் இருக்கும் 1 ஸ்கொயர் எம்.எம். ஒயருக்குக் காவல் யாரும் இல்லை.

சாக்கெட், சுவிட்ச், ஒயர், எம்.சி.பி. நான்கும் சேர்ந்துதான் ஒரு பவர் பாயிண்ட். முகப்பில் இருக்கும் துளையின் அளவு, பின்னால் மற்ற மூன்றும் அந்த அளவுக்கு இருக்கின்றன என்று கொடுக்கும் உறுதிமொழி. பொய்யான உறுதிமொழியை யாரும் சுவரில் மாட்டி வைக்கக் கூடாது.

வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் இதைச் சோதிப்பது கடினமில்லை. மெயினை ஆஃப் செய்து பிளேட்டைக் கழற்றினால், சுவிட்சின் பின்புறம் 6A அல்லது 16A என்று அச்சு இருக்கும். ஒயரின் மேல் உறையில் அளவு அச்சிட்டிருந்தால் அதைப் படிக்கலாம். சாக்கெட்டுக்கு வரும் ஒயர் பக்கத்து விளக்கு சுவிட்சுக்கு வரும் ஒயரைவிடத் தெளிவாகத் தடிமனாக இல்லையென்றால், அது விளக்கு லைனிலிருந்து இழுத்ததாகத்தான் இருக்கும். திறக்கத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழி: விளக்குக்கான எம்.சி.பி.யை மட்டும் ஆஃப் செய்து பாருங்கள். பெரிய சாக்கெட்டும் செத்துப்போனால் அதில் ஹீட்டர் போடாதீர்கள்.

செய்த வேலை

முடிவு, எம்.சி.பி.கள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து படுக்கையறைக்குத் தனி லைன். தூரம் 11 மீட்டர். புது லைன் இழுப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. கீழே சொல்வது, வேலை சரியாக நடக்கிறதா என்று வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கவும் உதவும்.

வாங்கியது: 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றிலும் 13 மீட்டர் வீதம். 20 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப் 3 மீட்டர் நீளத்தில் 4, அதற்கான சாடில்கள். 3 மாட்யூல் பெட்டியும் பிளேட்டும். 16 ஆம்பியர் சுவிட்ச் ஒன்று. 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று. 16 ஆம்பியர் 'C' வகை எம்.சி.பி. ஒன்று, ஹீட்டருக்குப் புதிய 16 ஆம்பியர் பிளக் ஒன்று.

பழைய பிளக்கை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். சூடு பட்டுப் பூப்பேறிய பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால், அது புதுக் கவ்வியையும் கெடுத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் பின் பளபளக்கும், ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, தொடும் இடம் குறையும். ஒருமுறை கருகியது என்றால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் சரி.

சாக்கெட் வாங்கும்போது, சின்ன பிளக்கும் பெரிய பிளக்கும் இரண்டுமே போகும் 6/16 சாக்கெட்டுதான் கிடைத்தது. நல்ல தரத்தில் இருந்தால் அதில் தவறில்லை. கடையிலேயே ஒரு 6 ஆம்பியர் பிளக்கையும் ஒரு 16 ஆம்பியர் பிளக்கையும் செருகிப் பார்த்து வாங்க வேண்டும். சின்ன பிளக் தொளதொளவென்று ஆடினால் அதை எடுக்காதீர்கள். எல்லா நாட்டு பிளக்கும் போகும் என்று சதுரமும் வட்டமுமாகத் துளை வைத்து விற்கும் சாக்கெட்டை ஹீட்டருக்கு வாங்கவே கூடாது. எல்லா வடிவத்துக்கும் இடம் விட்ட கவ்வி எந்தப் பின்னையும் முழுசாகப் பிடிக்காது.

பெட்டியை வைக்கும் இடம் மலையில் முக்கியம். மழை அடிக்கும் வெளிச்சுவரில் வைத்தால் உள்பக்கம் கசிவு வரும். அதனால் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள உள்சுவரில், தரையிலிருந்து எட்டும் உயரத்தில், ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தோம். பைப்பைச் சுவருக்கு மேலேயே ஓட்டி, சுமார் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சாடில் போட்டோம். பழைய மண் சாந்துச் சுவரை வெட்டினால் காடி கட்டுக்கடங்காமல் உதிரும்.

ஒயர் மாட்டும்போது நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் ஸ்க்ரூ முனை. உறையை 10 முதல் 12 மில்லிமீட்டர் மட்டும் உரித்து, எல்லா இழைகளையும் ஒன்றாக முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நிற்காமல் துளைக்குள் விட்டு இறுக்க வேண்டும். ஸ்க்ரூ செம்பின்மேல் உட்கார வேண்டும், உறையின்மேல் உட்கார்ந்தால் இறுக்கியது மாதிரி இருக்கும், சூடேறியதும் உறை அமுங்கி லூசாகிவிடும். முனைக்கு ஈயம் வைப்பதும் இதே காரணத்தால் தவறு. ஈயம் மெத்தென்றது, அழுத்தத்தில் மெல்ல வழிந்து கொடுக்கும். இறுக்கிய பிறகு ஒவ்வோர் ஒயரையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

எர்த் துளை மேலே இருக்க, சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் வர வேண்டும். ஹீட்டர் கார்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் எர்த். பிளக்குக்குள் L, N, E என்று எழுதியிருக்கும். பிளக்கில் கார்டைப் பிடிக்கும் கவ்வி மேல் உறையின்மேல் இறுக வேண்டும். எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும்.

சோதித்தது

மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 220 வோல்ட் வந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு வோல்ட்டுக்குள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மிகக் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது, ஹீட்டரைப் போடக் கூடாது.

பிறகு ஹீட்டரை முழு 2000 வாட்டில் அரை மணி நேரம் ஓட்டினோம். கிளாம்ப் மீட்டர் 8.3 ஆம்பியர் காட்டியது. 230 வோல்ட்டில் 8.7 இழுக்கும் கம்பிச்சுருள் 220 வோல்ட்டில் இதைத்தான் இழுக்கும். ஹீட்டர், ராட், கெட்டில் எல்லாம் வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் குறையும் சாமான்கள். மோட்டார் அப்படியில்லை, வோல்டேஜ் குறைந்தால் அது அதிகம் இழுத்துத் தவிக்கும்.

ஹீட்டர் ஓடும்போதே டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலும் சாக்கெட்டிலும் வோல்டேஜை ஒப்பிட்டோம். வித்தியாசம் ஒன்றரை வோல்ட்டுக்குள். 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் போக 11, வர 11 மீட்டருக்கு இது எதிர்பார்க்கும் அளவே. பழைய பாயிண்டில் வேலைக்கு முன் எடுத்த அளவில் 8 வோல்ட் விழுந்திருந்தது. கிட்டத்தட்ட அதே தூரம்தான். 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரால் மட்டும் மூன்றேகால் வோல்ட்தான் விழ வேண்டும். மீதி நாலே முக்கால் வோல்ட் விழுந்தது இணைப்புகளிலும் சுவிட்சிலும் சாக்கெட்டிலும். 8 ஆம்பியரில் அது 38 வாட் சூடு, பெட்டிகளுக்குள்ளே. இந்த அளவை எடுப்பது உயிருள்ள லைனில் செய்யும் வேலை, பழகியவர் மட்டும் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு எளிய சோதனை ஒன்று: அரை மணி நேரம் ஓட்டி, சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி பின்னைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. விரலை வைத்திருக்க முடியவில்லையென்றால் அந்த பாயிண்ட் சரியில்லை.

எந்தச் சாமான் எதில்

6 ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதுதான் சின்ன பின்னின் எல்லை. மணிக்கணக்கில் ஓடும் சாமானுக்கு நாங்கள் 1000 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம், மலைச் சாக்கெட்டுகளின் ஈரத்தையும் வயசையும் நினைத்து.

750 வாட் மிக்சி 3.3 ஆம்பியர், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர், டிவி, லேப்டாப், சார்ஜர் எல்லாம் சின்ன சாக்கெட்டில் நிம்மதியாக ஓடும். 1000 வாட் வெந்நீர் ராடும் அப்படியே. ஆனால் 1500 வாட் ராட் 6.5 ஆம்பியர் இழுக்கும், 1500 வாட் கெட்டிலும் அதே. இவை இரண்டும் 6-ஐக் கொஞ்சம்தானே தாண்டுகின்றன என்று விட்டுவிடுகிறோம். கெட்டில் நாலைந்து நிமிஷத்தில் அணைந்துவிடும், சூடு ஏறுவதற்குள் ஆறிவிடும். ராட் அப்படியில்லை. மார்கழிக் குளிரில் ஒரு வாளித் தண்ணீர் காய அரை மணிக்கு மேல் ஆகும், வீட்டில் நான்கு பேர் என்றால் வாளி வாளியாகத் தொடர்ந்து ஓடும். 1500 வாட் ராட்டுக்குக் கட்டாயம் பெரிய பாயிண்ட் வேண்டும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 2000 வாட் ஹீட்டர், தண்ணீர் சூடாக்கும் வசதியுள்ள வாஷிங் மெஷின் எல்லாம் பெரிய பின்தான்.

3000 வாட் கீசர் 13 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் போதும், ஆனால் அந்த லைனில் வேறு எதுவும் கூடாது. ஒரு பவர் லைனில் மொத்தம் 3000 வாட் என்று வயரிங் முறைகள் சொல்வதும் இதனால்தான். 4500 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 19.6 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் அதற்குப் போதாது. 4 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் தனி லைன் இழுத்து, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் சுவிட்சுடன் நேரடியாக இணைக்க வேண்டும்.

வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடியது மோட்டார். ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் 746 வாட்தானே என்று சின்ன பிளக் போடுகிறார்கள். அது தண்டு கொடுக்கும் சக்தி. லைனிலிருந்து இழுப்பது 6 ஆம்பியரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், கிளம்பும்போது பல மடங்கு. மோட்டாரின் தகட்டில் A என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. சின்ன பிளக்கைப் பெரிய பாயிண்டில் செருகுவது தனிச் சாமானுக்குத் தவறில்லை. ஒரு மிக்சி தானாக 16 ஆம்பியர் இழுத்துவிடாது. ஆனால் எக்ஸ்டென்ஷன் போர்டு செருகினால் கதை வேறு. 6 ஆம்பியர் பிளக், உள்ளே மெல்லிய கார்டு, முகத்தில் மட்டும் பெரிய துளைகள் வைத்த போர்டுகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதில் ஹீட்டரும் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் 15.2 ஆம்பியர். சுவரில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் கார்டு மட்டும் வேகும். ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷன் தவிர்க்கவே முடியாது என்றால், 16 ஆம்பியர் பிளக்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் கார்டும் உள்ளதை வாங்கி, சுருட்டாமல் முழுசாக விரித்து, ஒரே ஒரு சாமானை மட்டும் மாட்ட வேண்டும்.

கோத்தகிரி வீட்டில் பழைய போர்டில் 6 ஆம்பியர் சாக்கெட்டையும் சுவிட்சையும் புதிதாக மாற்றி, அதை 6 ஆம்பியராகவே விட்டுவிட்டோம். கன்வெர்ட்டர் பிளக்கை இனி யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி பின்னை வளைத்துக் குப்பையில் போட்டாயிற்று. எம்.சி.பி.க்குக் கீழே "ஹீட்டர் 16A, 2.5 ஒயர்" என்றும், விளக்கு லைனுக்குக் கீழே "1 ஒயர், 10A-க்கு மேல் மாட்டாதே" என்றும் எழுதி ஒட்டியிருக்கிறது, அடுத்து வரும் வயர்மேன் பார்ப்பதற்காக. ஒவ்வொரு வருடமும் மழை முடிந்து குளிர் தொடங்குவதற்கு முன் மெயினை ஆஃப் செய்து, புது பாயிண்டின் ஸ்க்ரூக்களை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.